மருந்துக் கவரில் தமிழ் எங்கே?

டிஸ்பென்சரியில் தரும் சின்னக் கடதாசிக் கவரில் ‘பாரசிட்டமோல் 500, 2 டி.டி.எஸ்.’ என்று ஆங்கிலத்தில் கிறுக்கியிருக்கும். இரண்டு மாத்திரை, நாளைக்கு மூன்று வேளை என்று அதற்கு அர்த்தம். ஆக ஆறு மாத்திரை. மலைக்குப் போகும் அக்காவுக்கு இதை யார் சொல்வது? இடுப்புவலி தாங்காமல் கடையில் பனடோல் வாங்கி, பகலில் இரண்டு, ராத்திரி இரண்டு போடுகிறார். பனடோலும் பாரசிட்டமோல்தான், பெயர்தான் வேறு. மொத்தம் பத்தாகிவிட்டது.

பெரியவர்களுக்கு 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. மெலிந்தவர்களுக்கும் சாராயம் குடிப்பவர்களுக்கும் எட்டே கூடிவிடலாம். அளவு மீறினால் ஈரல் கெடும். முதல் நாள் ஒன்றும் தெரியாமலே இருக்கலாம், அதுதான் பயம். கூடப் போட்டுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், கவரையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

1987இல் 13ஆவது திருத்தம் வந்ததிலிருந்து தமிழும் அரச கரும மொழி. ‘காலை 2, பகல் 2, இரவு 2, பனடோல் சேர்க்க வேண்டாம்’ என்று தமிழில் எழுத ஒரு நிமிடம் போதும். இதைத் தோட்டக் கமிட்டிகள் கேட்க வேண்டும். அதுவரை, கவரை வாங்கும்போதே விளக்கம் கேட்டு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லி அதன் மேலேயே தமிழில் எழுதி வைப்போம்.