சொத்து வரி: தொகையை அல்ல, கணக்கைக் கேளுங்கள்

காலை நடைப்பயிற்சியில் சொத்து வரிப் பேச்சு வந்துவிட்டால் எல்லோரும் 2022 உயர்வைத்தான் திட்டுகிறார்கள். அது அரசு எல்லோருக்கும் போட்டது. நீங்களும் நானும் மனுக் கொடுத்துக் குறைக்க முடியாது. தெருவுக்கு நிர்ணயித்த சதுர அடி விகிதமும் அப்படியே. ஆனால் உங்கள் வீட்டைப் பற்றி ஆபீஸ் பதிவேட்டில் எழுதியிருப்பது தவறென்றால், அதைத் திருத்த முடியும். நம் ஆட்கள் அங்கே போவதே இல்லை.

சென்னைக் கணக்கு இதுதான். கட்டட சதுர அடியைத் தெரு விகிதத்தால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு. அதை 10.92 ஆல் பெருக்கினால் ஆண்டு மதிப்பு. (பன்னிரண்டு மாத வாடகையில் பத்தில் ஒரு பங்கை நிலத்துக்கென ஒதுக்கி, மீதியில் பழுதுபார்ப்புக்குப் பத்து சதவீதம் கழித்து, நிலப்பங்கை மறுபடி சேர்த்தால் இந்த எண் வரும். போட்டுப் பாருங்கள்.) சொந்தக்காரரே குடியிருந்தால் 25 சதவீதம் கழிவு.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 1,000 சதுர அடி, தெரு விகிதம் 2 ரூபாய், சொந்தக்காரரே இருக்கிறார். கட்டட வயதுக்கான கழிவை இங்கே விட்டுவிடுகிறேன். மாத மதிப்பு 2,000. கழிவு போக 1,500. ஆண்டு மதிப்பு 16,380. இதே வீட்டின் திறந்த மொட்டைமாடியில் 200 அடியையும் சேர்த்து அளந்து, வாடகைக்கு விட்டதாகவும் எழுதிவிட்டால்? மாதம் 2,400, ஆண்டு மதிப்பு 26,208. இரண்டே தவறுகள், அறுபது சதவீதம் கூடுதல்.

ஆகவே "வரி அதிகம்" என்று பொதுவாக எழுதாதீர்கள். மண்டல அலுவலகத்தில் உங்கள் வீட்டுக்குப் பதிவான பரப்பு, உபயோகம், குடியிருப்பவர் யார் என்ற விவரத்தை முதலில் வாங்குங்கள். தரத் தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். நீங்களே டேப் பிடித்து அளந்து, அங்கீகரித்த வரைபடம், மின் கட்டண ரசீது, குடும்ப அட்டை நகல்களோடு எந்த வரியில் என்ன தவறு என்று எழுதி, மறு அளவீடு கேளுங்கள். ஒப்புகை முத்திரை இல்லாமல் திரும்பாதீர்கள். நோட்டீசில் கெடு தேதி போட்டிருந்தால் அதற்குள் கொடுத்துவிட வேண்டும்.

மனு நிலுவையில் இருக்கிறதே என்று வரியைக் கட்டாமல் இருப்பது சரியல்ல. ஆட்சேபத்துடன் கட்டுவதாக ஒரு கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். மனு நிராகரிக்கப்பட்டு மேல்முறையீட்டுக்குப் போனால், முதலில் வரி கட்டியாயிற்றா என்றுதான் கேட்பார்கள்.

என் கேள்வி ஒன்றே ஒன்று. கரண்ட் பில்லில் எத்தனை யூனிட் என்று போடுகிறார்கள். வரி ரசீதில் எத்தனை சதுர அடி, என்ன விகிதம் என்று இரண்டு வரி அச்சிட என்ன தடை?