ஆஃபர் மெயில் ஏன் ஸ்பேமுக்குப் போகிறது? - 5,000 மெயில், 0.3% புகார்: ஜிமெயில் போடும் கணக்கு

தீபாவளி தள்ளுபடி என்று 40,000 பேருக்கு ஒரு ஆன்லைன் துணிக்கடை மெயில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மெயில் 'டெலிவர்' ஆகிவிட்டதாக ரிப்போர்ட் காட்டுகிறது. ஆனால் ஆர்டர் வரவில்லை. காரணம், பெரும்பாலான மெயில்கள் ஸ்பேம் பெட்டியில் கிடக்கின்றன. ஸ்பேமில் விழுந்தாலும் கணக்கில் அது 'டெலிவர்'தான்.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் மொத்தமாக மெயில் அனுப்புவோருக்கான விதிகளைக் கடுமையாக்கின. தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு 24 மணி நேரத்தில் சுமார் 5,000 மெயில் அனுப்பினால், அந்த டொமைன் 'மொத்த அனுப்புநர்' பட்டியலில் சேர்ந்துவிடும். ஒருமுறை சேர்ந்தால், பிறகு எண்ணிக்கையைக் குறைத்தாலும் வெளியே வர முடியாது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் அவுட்லுக் கணக்குகளுக்கு இதேபோன்ற விதியைக் கொண்டுவந்தது.

முதலில் சரிபார்க்க வேண்டியது என்ன?

மெயிலை அனுப்பியது உண்மையிலேயே அந்தக் கடைதானா என்பதை ஜிமெயில் 3 வழிகளில் பார்க்கிறது. எஸ்பிஎஃப் என்பது எந்தெந்த சர்வர்கள் இந்த டொமைன் சார்பாக அனுப்பலாம் என்ற பட்டியல். டிகிம் என்பது மெயிலில் வைக்கப்படும் டிஜிட்டல் கையெழுத்து. டிமார்க் என்பது இவை பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு. டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில் `_dmarc` என்ற பெயரில் இப்படி ஒரு வரி சேர்த்தால் தொடக்கத்துக்குப் போதும்:

```
v=DMARC1; p=none; rua=mailto:dmarc@example.com
```

பலர் சறுக்குவது இங்கேதான். மெயில் அனுப்பும் சேவை நிறுவனம் தன் சொந்த டொமைனில் கையெழுத்திட்டு அனுப்பும். எஸ்பிஎஃப், டிகிம் இரண்டுமே பாஸ் ஆகும். ஆனால் 'அனுப்புநர்' இடத்தில் தெரியும் கடையின் டொமைனோடு இரண்டில் ஒன்றாவது பொருந்தவில்லை என்றால் டிமார்க் ஃபெயில்தான். சேவை நிறுவனத்தின் செட்டிங்கில் கடையின் டொமைனைச் சேர்த்து, அது தரும் டிகிம் பதிவுகளை டிஎன்எஸ்-ல் போட்டால் இது சரியாகிவிடும். சோதிப்பதும் சுலபம். தனக்கே ஒரு மெயில் அனுப்பி, கணினியில் ஜிமெயிலைத் திறந்து `Show original` கொடுத்தால் மூன்றுக்கும் `PASS` வந்திருக்கிறதா என்று தெரியும்.

செட்டிங் சரி. அப்புறமும் ஸ்பேமா?

அடுத்தது புகார் விகிதம். இதை 0.1 சதவீதத்துக்குக் கீழே வைக்கச் சொல்கிறது கூகுள்; 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது. நம் துணிக்கடையின் மெயில் 20,000 ஜிமெயில் இன்பாக்ஸ்களுக்குப் போய், அதில் 60 பேர் 'ஸ்பேம்' பட்டனை அழுத்தினாலே 0.3% வந்துவிடும்.

போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் என்ற கூகுளின் இலவசத் தளத்தில் இந்த விகிதத்தைப் பார்க்கலாம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. இன்பாக்ஸுக்குப் போன மெயில்களை வைத்துத்தான் இது கணக்கிடப்படுகிறது. எல்லாமே நேராக ஸ்பேமுக்குப் போய்விட்டால் புகார் செய்ய ஆளே இருக்காது. விகிதம் பூஜ்யத்தை நெருங்கும். எனவே விகிதமும் ஆர்டரும் சேர்ந்தே குறைந்தால், அது நல்ல செய்தி அல்ல.

புகாரைக் குறைக்க, விலக நினைப்பவரை உடனே விடுவது நல்லது. ஒரே கிளிக்கில் விலகும் வசதி மொத்த அனுப்புநர்களுக்குக் கட்டாயம். 2 நாளுக்குள் பெயரை நீக்கியாக வேண்டும். அந்த வசதியைக் கண்டுபிடிக்க முடியாதவர், அடுத்து கைவைப்பது ஸ்பேம் பட்டனில்தான்.

யாரை நீக்குவது?

'அப்படி ஒரு முகவரியே இல்லை' என்று திரும்பி வந்தவற்றை அன்றே நீக்க வேண்டும். கைவிடப்பட்ட பழைய முகவரிகள் சில, ஸ்பேம் அனுப்புவோரைப் பிடிக்கும் பொறிகளாகப் பிறகு மாற்றப்படுவதும் உண்டு. மெயிலைத் திறந்தாரா என்பதை மட்டும் நம்ப முடியாது. ஆப்பிள் மெயில் செயலி 2021 முதல், வாசகர் பார்க்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கி 'திறந்ததாக' காட்டிவிடும். லிங்க்கை கிளிக் செய்தாரா, பொருள் வாங்கினாரா என்பதே நம்பகமான அடையாளம்.

கடந்த 6 மாதத்தில் இதைச் செய்தவர்கள் 7,500 பேர்தான் என்றால், கடை அவர்களிடமிருந்தே மீண்டும் தொடங்கலாம். ஒரே நாளில் அல்ல. முதலில் 500 பேர், ஓரிரு நாள் விட்டு 1,000, பிறகு 2,000, கடைசியில் 4,000. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் புகார் விகிதத்தைப் பார்க்க வேண்டும். `421` என்று தொடங்கும் பிழைகள் குவிந்தால், ஜிமெயில் தற்காலிகமாகத் தடுக்கிறது என்று அர்த்தம். அப்போது வேகத்தைக் குறைக்க வேண்டுமே தவிர, மறுபடி மறுபடி அனுப்பக் கூடாது.

இவ்வளவு செய்தும் இன்பாக்ஸ் உறுதி என்று யாரும் சொல்ல முடியாது. கெட்ட பெயர் மாற வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் தீபாவளி மெயிலுக்கான வேலையை ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுவது புத்திசாலித்தனம்.