ஒரு கை, மூன்று பணிகள்

மகர்பட்டாவின் மென்பொருள் அலுவலகமொன்றில், ஐந்தைந்து நாள் உழைப்பு வேண்டும் மூன்று பணிகள் ஒரே பொறியாளரிடம் சேர்வதாகக் கொள்க. ஒவ்வொன்றாக முடித்தால் அவை 5, 10, 15-ஆம் நாள்களில் நிறைவுறும். மூன்று மேலாளர்களையும் மகிழ்விக்க நாளுக்கொன்றாகச் சுழற்றினால் 13, 14, 15. கடைசிப் பணி சற்றும் விரையவில்லை. முதலிரண்டும் வீணே பிந்தின.

பணி மாறுவதற்கு நேரமே ஆகாது என்ற தாராளக் கணக்கு இது. முடிக்காது விட்டுவந்த பணியின் எச்சம் கவனத்தில் தங்கி அடுத்த பணியைக் கெடுக்கிறது என்பதை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் எடுத்துக்காட்டினார். எந்த வரி ஏன் மாற்றப்பட்டது என்று மீண்டும் தேடிக் கழியும் காலைப்பொழுது எந்த டைம்ஷீட்டிலும் ஏறுவதில்லை.

எனவே ஒருவரிடம் ஒரு பணி. அது பிறர் பதிலுக்காகக் காத்து நின்றால் மட்டுமே இரண்டாவது. எது முந்துவது என்பதை மேலாளர்கள் தமக்குள் வழக்காடித் தீர்க்க வேண்டும். அவ்வழக்கைத் தவிர்க்கவே மூன்றும் பொறியாளர் தலையில் இறங்குகின்றன.