செல்லாது என்பதற்கும் திருப்ப வேண்டாம் என்பதற்கும் இடையே

தாபோடியில் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் செல்பேசி உறையும் சார்ஜரும் விற்கும் பையன்கள் சிலர் இன்னும் பதினெட்டை எட்டாதவர்கள். புதவார் பேட்டையின் தப்கீர் கல்லியில் கடனுக்குச் சரக்கெடுத்து இங்கே விற்பவர்கள் அவர்கள். இத்தகைய கடன் முறியும்போதெல்லாம் இரண்டு வாக்கியங்கள் காதில் விழுகின்றன. ஒன்று பையன் தரப்பினது: “மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது, ஆகவே ஒன்றும் திருப்ப வேண்டியதில்லை.” மற்றது வியாபாரி தரப்பினது: “வயதை மறைத்தான், ஆகவே முழுத்தொகையும் கட்டியாக வேண்டும்.” இரண்டும் பிழை என்பதே என் கட்சி. முதல் பிழைக்குப் பொறுப்பு அந்தப் பையன் அல்லன். 1903இல் லண்டனில் அமர்ந்து ஒரு சொல்லைத் தவறாக வாசித்த நீதிபதிகள் என்றும் சொல்வேன். மொழியியல் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க. இது முழுக்க முழுக்க ஒரு சொல்லைப் பற்றிய வழக்கு.

மோகரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கைச் சட்டம் பயிலும் ஒவ்வொரு மாணவரும் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்கிறார். 1895 ஜூலை 20 அன்று கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் தன் சொத்தை பிரம்மோ தத் என்ற வட்டிக்கடைக்காரரிடம் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் 20,000 ரூபாய்க்கு அடமானம் வைத்தார். அத்தொகை முழுவதும் கைமாறியதா என்பதே பின்னர் சர்ச்சையானது. அன்று தர்மதாஸ் சட்டப்படி இளவர். உயர்நீதிமன்றம் அவருடைய தாயைப் பாதுகாவலராக நியமித்திருந்ததால், அன்றைய சட்டத்தில் அவருக்கு 21 வயதே முழுவயது. அடமானத்துக்கு ஐந்து நாள் முன்னதாகவே தாயின் சார்பில் கடன்காரரின் வழக்கறிஞருக்கு ஒரு கடிதம் போயிற்று. தர்மதாஸ் இன்னும் முழுவயது எய்தவில்லை, அவருக்குக் கடன் கொடுப்போர் தம் சொந்தப் பொறுப்பிலேயே கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். கடிதம் கிடைத்தபின்னும், தான் முழுவயதினன் என்று நீண்டதொரு உறுதிமொழியில் பையனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு காரியத்தை முடித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தாயின் வழியாகத் தர்மதாஸ் வழக்குத் தொடுத்தார். நடுவில் பிரம்மோ தத் இறந்துபோக, மோகரி பீபி அவர் தரப்பில் வழக்கைத் தொடர்ந்தார்.

அதுவரை இந்திய உயர்நீதிமன்றங்கள் பலவும் இளவரின் ஒப்பந்தத்தைத் ‘தவிர்தகு’ ஒப்பந்தமாகவே கொண்டிருந்தன. அதாவது, இளவர் விரும்பினால் விலக்கலாம், விரும்பினால் ஏற்கலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு முழுவயது எய்தியவரே ஒப்பந்தத்துக்குத் தகுதியுடையவர் என்று மட்டும் சொல்கிறது. தகுதியற்றவர் செய்தால் என்ன ஆகும் என்று அது சொல்லவில்லை. அந்த மௌனத்தை பிரிவி கவுன்சில் 1903 மார்ச்சில் நிரப்பியது: தகுதியற்றவரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. இதில் எனக்கு முரண்பாடு இல்லை. பதினாறு வயதுப் பையனை வட்டியில் மாட்டிவிட்டு, ‘நீயே கையெழுத்திட்டாய்’ என்று சொல்லும் வாய்ப்பை அது அடைத்தது.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. கடன்காரர் தரப்பு 65ஆம் பிரிவைக் காட்டியது. ஓர் உடன்பாடு செல்லாதது எனக் கண்டறியப்பட்டாலும், ஓர் ஒப்பந்தம் பின்னர் செல்லாததாக ஆனாலும், அதன்கீழ் நலன் பெற்றவர் அதைத் திருப்ப வேண்டும் என்பது அப்பிரிவின் பொருள். அதற்கு நீதிபதிகள், இப்பிரிவு தகுதியுள்ள இருவரிடையே ஏற்பட்டவற்றுக்கே பொருந்தும், இளவருக்குப் பொருந்தாது என்றனர்.

‘தகுதியுள்ள இருவர்’ என்ற சொற்கள் அப்பிரிவில் எங்கே உள்ளன? எங்கும் இல்லை. சட்டம் உடன்பாடு, ஒப்பந்தம் என்ற இரு சொற்களையும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படுத்துவதில்லை. ஒரு வாக்கும் அதற்கு ஈடான மறுவாக்கும் சேர்ந்தால் உடன்பாடு. சட்டத்தால் நிறைவேற்றத்தக்க உடன்பாடு மட்டுமே ஒப்பந்தம். தகுதி என்ற நிபந்தனை உடன்பாட்டை ஒப்பந்தமாக்குவதற்கே தேவை. உடன்பாடு ஏற்படுவதற்குத் தேவையில்லை. நிறைவேற்ற இயலாத உடன்பாட்டைத்தான் சட்டமே ‘செல்லாதது’ என்று வரையறுக்கிறது. ஆகவே இளவரின் கையெழுத்தில் பிறப்பது செல்லாத உடன்பாடு. 65ஆம் பிரிவின் முதற்பாதி பேசுவதும் அதைப் பற்றியே. இரு சொற்களை வைத்து வரைவாளர் கட்டிய வேலியை ஒரே சொல்லாக வாசித்து இடித்துவிட்டார்கள்.

‘அப்படியானால் அந்த வட்டிக்காரனுக்குப் பணம் கிடைத்திருக்குமே, அது நியாயமா?’ என்று கேட்பீர்கள். கிடைத்திருக்காது. பிரிவின் சொல் ‘கண்டறியப்பட்டால்’ என்பது. முன்பே அறிந்திருந்த ஒன்றை ஒருவர் பின்னர் கண்டறிவதில்லை. தாயின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடன் கொடுத்தவருக்கு அந்த வினைச்சொல் இடம் கொடாது. அதே முடிவை, ஏமாந்த நேர்மையான வியாபாரிகளுக்குக் கதவடைக்காமலே எட்டியிருக்கலாம். ஒரு கெட்டிக்காரக் கடன்காரருக்காக எழுதப்பட்ட தீர்ப்பு நாட்டின் எல்லா மொத்த வியாபாரிகளுக்கும் விதியாயிற்று.

விளைவு குழப்பமே. 1928இல் லாகூர் முழு அமர்வு, கான் குல் எதிர் லக்கா சிங் வழக்கில், வயதை மறைத்து நிலம் விற்பதாகச் சொல்லி 17,500 ரூபாய் பெற்ற இளவர் அதைத் திருப்ப வேண்டும் என்றது. 1937இல் அலகாபாத் முழு அமர்வு அதை ஏற்க மறுத்தது. பணத்தைத் திருப்பச் சொல்வது செல்லாத ஒப்பந்தத்தைக் கொல்லைப்புறமாக நிறைவேற்றுவதாகும் என்பது அத்தரப்பின் வாதம். இந்த வாதத்தில் பாதி உண்மை இருப்பதால்தான் வியாபாரிகளின் வாக்கியமும் பிழை என்கிறேன். விலையை முழுதாகக் கட்டச் சொன்னால், இளவரைக் காத்ததாகச் சொன்ன விதிக்குப் பொருளே இல்லை.

இன்றைய விடை ஒப்பந்தச் சட்டத்தில் இல்லை. 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 33ஆம் பிரிவில் இருக்கிறது. தகுதியின்மையைக் காட்டி வழக்கிலிருந்து தப்பும் பிரதிவாதி, தான் பெற்ற நலனை, தனக்கோ தன் சொத்துக்கோ அதனால் நலன் விளைந்த அளவுக்கு, திருப்புமாறு நீதிமன்றம் பணிக்கலாம். ‘பணிக்கலாம்’ என்பதையும் ‘அளவுக்கு’ என்பதையும் அடிக்கோடிட்டுக்கொள்க.

கற்பனையாக ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். தாபோடியில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் 60,000 ரூபாய்ச் சரக்கைக் கடனில் எடுக்கிறான். 24,000 ரூபாய்ச் சரக்கு விற்காமல் கிடக்கிறது. மீதி 36,000 ரூபாய்ச் சரக்கை நட்டத்தில் 30,000க்கு விற்றான். அதில் 11,000 வங்கிக் கணக்கில் உள்ளது. 8,000 கொடுத்துச் செல்பேசி பழுதுபார்க்கும் கருவி வாங்கினான். அது இன்று 6,000 பெறும். எஞ்சிய 11,000 நண்பர்களோடு லோனாவாலா போய்க் கரைந்தது. வியாபாரி வழக்குத் தொடுக்கிறார், பையன் வயதைக் காட்டித் தப்புகிறான். நீதிமன்றம் எதைப் பணிக்கலாம்? கிடக்கும் சரக்கையும், வங்கியிலுள்ள 11,000த்தையும், கருவியின் 6,000 மதிப்பையும். ஆக 41,000. நட்டத்தில் விற்ற 6,000, தேய்ந்த 2,000, கரைந்த 11,000 ஆகியவை வியாபாரியின் நட்டம், வட்டியும் கிடையாது. கரைந்த பணம் வீட்டு வாடகைக்குப் போயிருந்தால் அவன் சொத்து அவ்வளவுக்குச் செலவிலிருந்து தப்பியது என்று வாதிட இடமுண்டு. லோனாவாலாவுக்கு அந்த வாதம் எடுபடாது. இந்த 41,000தான் இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவிலுள்ள நியாயம்.

வியாபாரிகள் சிலர் 68ஆம் பிரிவை எடுத்து வருவதுண்டு. இளவரின் வாழ்க்கைநிலைக்கு ஏற்ற இன்றியமையாப் பொருளைக் கொடுத்தவர் அவருடைய சொத்திலிருந்து ஈடு பெறலாம் என்கிறது அது. உணவு, உடை, மருத்துவம், கல்வி அதில் அடங்கும். விற்பதற்காக வாங்கிய நூறு செல்பேசி உறைகள் யாருடைய இன்றியமையாப் பொருளும் அல்ல. வியாபாரச் சரக்கை இந்தப் பட்டியலில் சேர்க்க மறுப்பது ஆங்கிலேய நீதிமன்றங்களின் நெடுநாள் நிலையும்கூட. அங்கே 1912இல், வைக்கோல் வியாபாரம் செய்த இளவர் ஒருவர் முன்பணம் பெற்றுச் சரக்கு கொடுக்காதபோதும் வாங்கியவர் தோற்றார்.

‘தொடக்கத்திலிருந்தே செல்லாது’ என்ற வாள் இளவரையும் வெட்டும் என்பதைப் பையன் தரப்பினர் மறந்துவிடுகிறார்கள். பணத்தையோ சரக்கையோ கொடுத்துத் தன் பங்கை முடித்துவிட்ட இளவர் எதிர்த்தரப்பின் மேல் வழக்குத் தொடுக்கலாம். சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு ராகவாச்சாரியார் எதிர் சீனிவாசா வழக்கில், கடன் கொடுத்து அடமானம் பெற்ற இளவரின் பத்திரம் செல்லும் என்றது. ஆனால் இளவர் கொடுத்தது வெறும் வாக்காக இருந்தால், அந்த வாக்கே செல்லாது. செல்லாத வாக்குக்கு எதிரீடாகப் பெற்ற வாக்கும் விழுந்துவிடும். பம்பாய் உயர்நீதிமன்றம் 1949இல் ராஜ்ராணி எதிர் பிரேம் அதீப் வழக்கில் இதைத்தான் சொன்னது. தந்தை மூலம் திரைப்பட நடிப்புக்கு ஒப்பந்தமான சிறுமி, அது முறிக்கப்பட்டபின் இழப்பீடு கேட்டுத் தோற்றாள். யாரைக் காக்க இந்த விதி?

சட்ட ஆணையம் ஒப்பந்தச் சட்டம் பற்றிய தன் 13ஆம் அறிக்கையில், 1958இலேயே, வயதைப் பொய்யாகச் சொன்ன இளவருக்கும் 65ஆம் பிரிவு பொருந்தும் என்று ஒரு விளக்கத்தைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. சேர்க்கவில்லை. நான் கேட்பது அதைவிடச் சற்று அகலமானது. 11ஆம் பிரிவின்படி தகுதியற்றவரின் உடன்பாடும் 65இல் அடங்கும், ஆனால் நலன் விளைந்த அளவுக்கு மட்டும், இளவர் என்று அறிந்தே கொடுத்தவருக்கு அது கிடையாது என்று மூன்று தொடர்கள் போதும். அந்த ‘அறிந்தே’ இல்லையென்றால், வீதி முனையில் பையன்களைத் தேடிப்பிடித்துக் கடன் கொடுப்பவர்களுக்கு நானே சட்டம் எழுதிக்கொடுத்தவனாவேன்.

பையன்களுக்கு ஒன்று. பதினெட்டு நிறைந்த மறுநாள் வியாபாரி புதிய புரோநோட்டைக் கொண்டுவருவார். பழைய கடனுக்கு மட்டும் என்றால் அந்தத் தாள் நிற்காது; இல்லாத ஒப்பந்தத்தைப் பின்னாளில் ஏற்பளிக்க முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1906இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அன்று அவர் கூடவே புதிதாகக் கொஞ்சம் பணமும் கொடுத்து, பழையதையும் புதியதையும் சேர்த்து ஒரே தொகையாக எழுதி வாங்கினால் கதை வேறு. அதே 1906இல் கல்கத்தாவில், இளவராக இருந்தபோது வியாபாரத்துக்குச் சரக்கெடுத்தவர் அவ்வாறு எழுதிக்கொடுத்த பத்திரம் குந்தன் பீபி வழக்கில் முழுத்தொகைக்கும் செல்லுபடியானது. கையெழுத்திடும் முன் அந்தத் தொகையில் எவ்வளவு பழையது என்று கேட்டு, தனியே எழுதச் சொல்லுங்கள்.