வாடகை வீட்டுப் பொருள்களுக்கு இன்ஷூரன்ஸ்... 'திருட்டு' எந்த வரியில் இருக்கிறதுனு பார்த்தீங்களா?

குன்னூரில் நவம்பர் மாதம் வந்துவிட்டால், பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போதே பேச்சு மழைக்குப் போய்விடும். ஊட்டியின் மேற்குப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை என்றால், கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் சோதனை. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை சரிந்ததை இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ மழை கொட்டி, மாவட்டம் முழுக்க மண் சரிந்தது. 40-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள்.

வீடு சேதமானால் உரிமையாளர் என்ன செய்வார் என்று யோசிக்கிறோம். அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவரின் ஃபிரிட்ஜ், பீரோ, கட்டில், பிள்ளைகளின் லேப்டாப் எல்லாம் யார் கணக்கு? அருவங்காடு, வெலிங்டன் என்று வேலைக்காக வந்தவர்கள், ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகு குளிருக்காக வந்து தங்கியவர்கள், தோட்டத்து அலுவலகத்தில் இருப்பவர்கள் என இந்த ஊரில் வாடகைக் குடித்தனம் அதிகம். "ஓனர் இன்ஷூரன்ஸ் போட்டிருக்காராம், நமக்கென்ன..." என்று பலரும் சொல்வார்கள். உரிமையாளரின் பாலிசி அவருடைய கட்டடத்துக்கும் அவருடைய பொருள்களுக்கும்தான். உங்கள் பீரோ அதில் இல்லை.

வாடகைதாரரும் தன் பொருள்களுக்கு மட்டும் தனியாகப் பாலிசி எடுக்கலாம். 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசியை எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. எந்த கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். அதில் கட்டடத்தை விட்டுவிட்டு, 'வீட்டுப் பொருள்கள்' என்பதை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். தீ, வெள்ளத்துக்கான பிரீமியம் பெரிய தொகையாகவும் இருக்காது.

பாலிசியில் என்னென்ன இருக்கிறது? தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலச்சரிவு, பாறை உருண்டு விழுவது, காட்டுத் தீ, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிவது எல்லாம் உண்டு. வெளியிலிருந்து ஒரு பொருள் வந்து மோதுவதும் உண்டு. காற்றில் கற்பூர மரம் சாய்ந்து கூரையைப் பிளந்துகொண்டு உங்கள் டி.வி மேல் விழுந்தால் அது இதில் வரும். மலையூருக்கென்றே எழுதியதுபோல இருக்கும் பட்டியல்.

திருட்டும் பட்டியலில் இருக்கிறது. ஆனால், அந்த வரியை முழுசாகப் படிக்க வேண்டும். மேலே சொன்ன தீயோ வெள்ளமோ நிலச்சரிவோ நடந்து, அதன் காரணமாக, ஏழு நாள்களுக்குள் நடக்கும் திருட்டுக்குத்தான் பணம். மழையில் சுவர் விழுந்து வீடு திறந்து கிடக்க, மறுநாள் எவரோ டி.வி-யைத் தூக்கிப்போனால் கிடைக்கும். நீங்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை உடைத்து எடுத்துப்போனால் இந்தப் பாலிசியில் ஒரு ரூபாய்கூட வராது. "வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு, திருட்டும் கவர் ஆகுதாம்" என்று நம்பி இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். சாதாரணத் திருட்டுக்குத் தனியாக ஒரு கொள்ளைக் காப்பு எடுக்க வேண்டும். அல்லது, அது சேர்ந்திருக்கும் தொகுப்புப் பாலிசியை வாங்க வேண்டும்.

கொள்ளைக் காப்பு எடுத்தால் முடிந்ததா என்றால், அங்கேயும் ஒரு சொல் காத்திருக்கிறது. பல பாலிசிகளில் கொள்ளை என்றால், 'பலத்தைப் பயன்படுத்தி, வன்முறையாக உள்ளே நுழைந்தது அல்லது வெளியேறியது' என்று இருக்கும். 2004-ல் யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், பாலிசியில் இப்படி எழுதியிருந்தால் பலப்பிரயோகம் இல்லாத திருட்டுக்கு இழப்பீடு கிடையாது, ஒப்பந்தத்தின் வாசகத்தை நீதிமன்றம் மாற்றி எழுத முடியாது என்று சொல்லிவிட்டது. ஆக, உடைந்த பூட்டு, பெயர்ந்த ஜன்னல் கம்பி, நெம்பிய கதவு நிலை என்று ஏதாவது தடயம் வேண்டும்.

குன்னூரில் இது முக்கியமான விஷயம். வீட்டு உரிமையாளர் கோவையிலோ பெங்களூரிலோ இருப்பார். ஒரு சாவி கேர்டேக்கரிடம், இன்னொன்று வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம், மூன்றாவது எதிர்வீட்டில் இருக்கும். முந்தைய வாடகைதாரர் திருப்பிக் கொடுத்தாரா என்பது யாருக்கும் தெரியாது. சாவி போட்டுத் திறந்து எடுத்துப்போனால் தடயம் எங்கிருந்து வரும்? குடிபுகுந்த முதல் நாளே உரிமையாளரிடம் கேட்டுப் பூட்டை மாற்றிக்கொள்ளுங்கள். பாலிசி வாங்கும்போது, 'பலப்பிரயோகம் இல்லாத சாதாரணத் திருட்டும், வீட்டு வேலைக்கு வருபவரால் நடக்கும் திருட்டும் உண்டா' என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். ஏஜென்ட் போனில் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்பது பின்னால் செல்லாது. வீடு தொடர்ந்து எத்தனை நாள் பூட்டியிருக்கலாம் என்ற வரம்பையும் அப்போதே கேட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் இரண்டு மாதம் மகன் வீட்டுக்குப் போய்விடும் பெரியவர்கள் இங்கே நிறைய பேர்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சரிவில் கட்டிய அடுக்குமாடி, கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்குக் கடையில் புதிதாக வாங்கினால் ஆகும் விலைப்படி ஃபிரிட்ஜ் 35,000, வாஷிங் மெஷின் 25,000, டி.வி 40,000, லேப்டாப் 60,000 ரூபாய். கட்டில், மெத்தை, பீரோ, சோபா சேர்த்து 1,20,000. சமையலறைச் சாமான்கள் 60,000. துணிமணி, கம்பளி, ஸ்வெட்டர் எல்லாம் 90,000. கம்பளிக்கு இவ்வளவா என்று கேட்காதீர்கள், நான்கு பேர் இருக்கும் குன்னூர் வீட்டில் எண்ணிப் பாருங்கள். மொத்தம் 4,30,000 ரூபாய். பொதுப் பொருள்களுக்கு இந்தத் தொகைக்குப் பாலிசி எடுக்கிறார்கள். இந்தப் பாலிசியில் பழுதுபார்க்க முடியாத பொருளுக்கு, அதே போன்ற பொருளை வாங்கும் செலவு கணக்கிடப்படும். அதனால்தான் பழைய பில்லில் இருக்கும் விலையைவிட இன்றைய விலை முக்கியம்.

நகை இந்தக் கணக்கில் சேராது. நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம் போன்றவற்றுக்குத் தனிப் பிரிவு உண்டு, கேட்டு வாங்க வேண்டும். மொத்தம் 5 லட்சத்துக்குள்ளும், ஒவ்வொரு பொருளும் 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் தேவையில்லை என்கிறது விதி. இன்றைய விலையில் இரண்டு பவுன் சங்கிலியே ஒரு லட்சத்தைத் தாண்டிவிடுகிறது! சான்றிதழ் வாங்கி வைப்பதுதான் நல்லது. வீட்டில் வைத்திருக்கும் ரொக்கம், பத்திரம், சான்றிதழ்களுக்கு இந்தப் பாலிசியில் இடமில்லை.

சரி, அந்தக் குடும்பத்துக்கு என்னென்ன நடக்கலாம்? இரவில் பெய்த பெருமழையில் மேலேயிருந்து மண்ணும் தண்ணீரும் வீட்டுக்குள் புகுந்தால் பணம் கிடைக்கும். ஹால் ஹீட்டர் பக்கத்தில் காயப்போட்ட துணியில் தீப்பிடித்து சோபாவும் டி.வி-யும் எரிந்தாலும் கிடைக்கும். ஹீட்டருக்கு உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகியிருந்தால் அந்த ஹீட்டருக்கு மட்டும் கிடைக்காது, அதிலிருந்து பரவிய தீயில் எரிந்த மற்றவற்றுக்குக் கிடைக்கும். ஆறு மாத ஈரத்தில் பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை ஏறிப் பட்டுப்புடவை பாழானால், அது மெல்ல நடந்த சேதம். அதற்கு இழப்பீட்டை எதிர்பார்க்காதீர்கள்.

மலையில் இருப்பவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டியது நிலச்சரிவு வரிக்குக் கீழே இருக்கும் விலக்குகளை. கொட்டி நிரப்பிய மண் இறங்குவது, தரமற்ற வடிவமைப்பு அல்லது கட்டுமானம், ஏதேனும் ஒரு சொத்தில் நடக்கும் கட்டுமானம், இடிப்பு, மண் தோண்டும் வேலை இவற்றால் நிலம் சரிந்தால் இழப்பீடு இல்லை. 'ஏதேனும் ஒரு சொத்து' என்றால் பக்கத்து மனையும்தான். பின்பக்கம் ரிசார்ட்டுக்காக ஜே.சி.பி வைத்துச் சரிவை வெட்டினார்கள், இரண்டு வாரம் கழித்து மழையில் தடுப்புச்சுவர் விழுந்தது என்றால், சர்வேயர் மழையை எழுதுவாரா, தோண்டியதை எழுதுவாரா? முழுத் தொகையும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் தொங்குகிறது. வாடகைதாரருக்கு மண் வெட்டுவதில் எந்தப் பங்கும் இல்லை என்பது இங்கே உதவாது. இந்த விலக்கு வாடகைதாரருக்கு நியாயமானதாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் இன்று வாசகம் இதுதான். ஆகவே, வீடு பார்க்கப் போகும்போதே வீட்டுக்குப் பின்னால் நடந்து பாருங்கள். புதிதாக வெட்டிய செம்மண் சுவர் தெரிகிறதா, தடுப்புச்சுவரில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா, மேலே கட்டடவேலை நடக்கிறதா? இருந்தால் வேறு வீடு பாருங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால், சுத்தம் செய்வதற்கு முன்பு போட்டோ, வீடியோ எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு படத்தில் தெரிய வேண்டும். அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்வேயர் வரும்வரை நனைந்த மெத்தையைத் தூக்கிப்போடாதீர்கள், ஒரு ஓரமாக வையுங்கள். தீ என்றால் தீயணைப்புத் துறையின் அறிக்கை வேண்டும். மண்சரிவு என்றால் வி.ஏ.ஓ பார்வையிட்டு எழுதும் குறிப்பு உதவும். அதிலும் அன்றைய மழை குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். திருட்டு என்றால் சி.எஸ்.ஆர் ரசீதோடு நிற்காமல் எஃப்.ஐ.ஆர் வாங்க வேண்டும். பொருள் கிடைக்காவிட்டால், கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் தரும் சான்றிதழையும் கம்பெனி கேட்கும். அதற்கு மாதங்கள் ஆகலாம்.

பில் எல்லாம் எங்கே போய்த் தேடுவது என்று கேட்பீர்கள். இப்போதே போனை எடுத்து, வீட்டை ஒரு சுற்று வீடியோ எடுங்கள். பீரோவைத் திறந்து காட்டுங்கள், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணையும் எடுங்கள். அதை வெளியூரில் இருக்கும் தங்கைக்கோ மகனுக்கோ அனுப்பிவிடுங்கள். வாடகை ஒப்பந்தத்தின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். பாலிசியில் இருக்கும் முகவரியும் ஒப்பந்தத்தில் இருக்கும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்போர்டிலிருந்து சிம்ஸ் பார்க் பக்கம் வீடு மாறினால், சாமான் லாரியில் ஏறுவதற்கு முன்பே கம்பெனிக்கு எழுதிப் பாலிசியில் முகவரியை மாற்றச் சொல்லுங்கள். வேறு இடத்துக்கு எடுத்துப்போன பொருளுக்குப் பழைய முகவரிப் பாலிசி பேசாது.

கிளெய்மை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் இருக்கும் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. தோண்டியதால்தான் சரிந்தது என்று கம்பெனி சொன்னால், சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, அதற்குப் பக்கத்தில் அன்றைய மழை அளவையும் வி.ஏ.ஓ குறிப்பையும் வைத்து மனுப்போடுங்கள்.