வீடா, கடையா? எடுப்பவர் யார் என்று தெரிந்து அழைப்போம்

யாழ்ப்பாணத்தில் வியாபாரம் செய்யும் நம்மவர்களில் பலருக்கு இரண்டு ஊர். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் குடியேறியவர்கள், திரும்பி வந்து சோனகத்தெருப் பக்கம் கடை போட்டாலும் குடும்பத்தை அங்கேயே வைத்திருக்கிறார்கள். எனவே ஒருவருக்கே கடைக்கு ஓர் இலக்கம், வீட்டுக்கு ஓர் இலக்கம், சட்டைப்பையில் ஓர் இலக்கம்.

அப்படியொருவர் தந்த காசோலை ஒருமுறை திரும்பி வந்தது. என் கைபேசியில் அவர் பெயர் மூன்று தடவை இருந்தது. முதலாவதை அழுத்தி, கடைப் பையன் என்று நினைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன். எடுத்தவரோ புத்தளத்தில் இருந்த அவருடைய வயதான வாப்பா! மறுநாள் அவர் வந்து, "கடனைக் கேளுங்க நாநா, வாப்பா காதில் போடாதீங்க" என்றார். தலைகுனிந்தேன்.

தவறு எங்கே? சிம் அட்டையில் சேமித்தால் பெரும்பாலும் ஒரு பெயருக்கு ஓர் இலக்கம்தான். அதனால் ஒரே ஆளை மூன்று பெயராக்கிவிடுகிறோம். முன்பு 021 என்றால் யாழ்ப்பாணம், 032 என்றால் புத்தளம் என்று பார்த்தவுடன் தெரியும். இன்று மூன்றும் கையடக்கத் தொலைபேசியாக இருந்தால் 077ஐயோ 071ஐயோ பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

ஆகவே பெயரை சிம்மில் அல்லாமல் கைபேசியிலோ கூகுள் கணக்கிலோ ஒரே பதிவாக வையுங்கள். அதைத் திருத்தத் திறந்து, மூன்று இலக்கங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேருங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் Mobile, Home, Work, Other என்று தெரிவு வரும். கடைக்கு Work, வீட்டுக்கு Home. சாரதியின் இலக்கத்தை மட்டும் Other என்று விட்டுவிடாதீர்கள். ஆறு மாதத்தில் அது யாருடையது என்று உங்களுக்கே மறந்துபோகும். Custom என்பதைத் தெரிந்து 'லொறி சாரதி' என்றே எழுதுங்கள். இலக்கத்தை +94 என்று தொடங்கி, முன்னால் உள்ள சைபரை விட்டு எழுதினால் வெளிநாட்டிலிருந்தும் அப்படியே அழைக்கலாம்.

பல ஆண்ட்ராய்ட் கைபேசிகளில் ஓர் இலக்கத்தை நீளமாக அழுத்தினால் Set default என்று வரும். அதைத் தெரிந்துவிட்டால் அடுத்த தடவை எதை என்று கேட்காமலே அந்த இலக்கத்துக்குப் போய்விடும். கொடுக்கல் வாங்கல் உள்ளவருக்கு அதைச் செய்யாமல் விடுவதே நல்லது. கேட்கும் அந்த ஒரு நொடியில்தான் நாம் யோசிக்கிறோம். பிறகு எப்போதாவது பதிவுகளை சிம்முக்கு மாற்றினால் இந்தக் குறிப்புகள் தங்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று: குறிப்பு, தொலைபேசி இருக்கும் இடத்தை அல்ல, அதை எடுக்கும் ஆளைச் சொல்ல வேண்டும். கடை இலக்கம் இரவில் வீட்டுக்குப் போகிறதென்றால் அது பாதி வீடுதான். வாடிக்கையாளரிடம் இலக்கம் வாங்கும்போதே, "இதை யார் எடுப்பாங்க?" என்று கேட்டுவிடுங்கள். நான் அன்று அதைக் கேட்டிருந்தால் ஒரு முதியவர் அந்த இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.