பத்தி மாறினால் பணம் மாறும்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் மரப்பெட்டியைத் திறந்தால் பேரேடும் குறிப்பும் ஐந்தொகைத் தாளும் இன்னும் கிடைக்கின்றன. பாட்டனார் ரங்கூனிலோ கொழும்பிலோ பினாங்கிலோ நடத்திய கடையின் கணக்கு அது. வெளிநாட்டில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் ஊரில் இருப்பவர் தாளைக் கைபேசியில் படம்பிடித்து அனுப்புகிறார். அங்கே மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டோ, இங்கே தட்டச்சுக் கடையில் கொடுத்தோ ஆங்கிலமாக்கிக்கொள்கிறார்கள். வந்து சேர்வது பெரும்பாலும் கட்டமில்லாமல் தொடர்ந்து ஓடும் உரை. சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, எண்களும் இருக்கின்றன, எந்த எண் எந்தக் கட்டத்தில் நின்றது என்பது மட்டும் இல்லை. இப்படி வருவதை மொழிபெயர்ப்பு என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதே நம் நிலை. கணக்குத் தாளில் பத்தியும் வரியும் அலங்காரம் அல்ல. எழுத்தைப் போலவே அவையும் பொருள் சொல்கின்றன.

நகரத்தார் கணக்கில் இது எவ்வளவு உண்மை என்பதற்குக் காசே சாட்சி. பர்மாவில் ரூபாய், அணா, பை என்று எழுதினார்கள். 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா. இலங்கையில் 1872 முதலே ரூபாய்க்கு நூறு சதம். மலாயாவில் வெள்ளியும் அதற்கு நூறு காசும். ஒரே குடும்பத்தின் பெட்டியில் இந்த மூன்று ஊர்க் கணக்கும் சேர்ந்தே கிடக்கலாம். தாளில் 8 என்று இருந்தால் அது அரை ரூபாயா, எட்டுச் சதமா என்பதை அந்த 8 சொல்லாது. அது நிற்கும் பத்தியும் பத்தியின் தலைப்பும்தான் சொல்லும்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். செலவுப் பக்கத்தில் மூன்று வரி. முதல் வரி வண்டிக் கூலி, 12 ரூபாய் 8 அணா 6 பை. இரண்டாவது வரியில் பெயர் இல்லை, ‘மேற்படி’ என்பதற்கான ௸ குறி மட்டும் இருக்கிறது, தொகை 7 ரூபாய் 12 அணா 9 பை. மூன்றாவது தபால் செலவு, 3 ரூபாய் 3 பை. இந்த மூன்றாம் வரியில் அணாக் கட்டம் காலி. கூட்டினால் பை 18, அதாவது ஓர் அணா 6 பை. அணா, ஏறிவந்த ஒன்றையும் சேர்த்து 21, அதாவது ஒரு ரூபாய் 5 அணா. மொத்தம் 23 ரூபாய் 5 அணா 6 பை. அடியில் அந்தக் கூட்டுத்தொகையும் எழுதியிருக்கிறது.

இந்தத் தாளைப் படம்பிடித்துச் செயலியில் போட்டால் என்ன ஆகும்? செயலி முதலில் எழுத்து இருக்கும் இடங்களைத் தேடி, ஒரே உயரத்தில் இருப்பவற்றை ஒரு வரியாகச் சேர்க்கிறது. காலிக் கட்டத்தில் சேர்க்க எதுவும் இல்லை. அதனால் தபால் செலவுக்கு நேரே ‘3 3’ என்று மட்டும் வருகிறது. அதைப் படிப்பவர் இயல்பாக 3 ரூபாய் 3 அணா என்று எடுத்துக்கொள்கிறார். இப்போது கூட்டினால் 23 ரூபாய் 8 அணா 3 பை. தாளின் அடியில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் 2 அணா 9 பை.

இந்த வித்தியாசமே பிழை எங்கே என்று காட்டிக்கொடுக்கும். 2 அணா 9 பையைப் பையாக்கினால் 33. அது 11-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. ஒரு பை தவறி அணாக் கட்டத்தில் ஏறினால் 12 பை ஆகிவிடும், கூடுவது 11 பை. அப்படியே ஓர் அணா ரூபாய்க் கட்டத்தில் ஏறினால் கூடுவது 15 அணா. ஆகவே வித்தியாசம் 11 பையின் மடங்காகவோ 15 அணாவின் மடங்காகவோ வந்தால் முதலில் பத்தி நழுவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்றைய பதின்மக் கணக்கில் ஓர் இடம் நழுவினால் வித்தியாசம் 9-ஆல் வகுபடும் என்பது கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். இது அதன் அணா-பை வடிவம். 12-8-6 என்பதை 12.86 என்று எழுதிவிடுவது இன்னொரு பிழை. உண்மையில் அது 12 ரூபாய் 53 காசுக்குச் சற்று மேல். 1957 ஏப்ரல் 1-க்கு முந்தைய இந்தியத் தாளில் புள்ளி வைத்த தொகை தெரிந்தால், புள்ளி யார் வைத்தது என்று கேட்க வேண்டும்.

கூட்டுத்தொகை எல்லாப் பிழையையும் பிடிக்காது. பேரேடு தையல் ஓரத்தில் வளைந்திருக்கும், படத்தில் வரிகள் அங்கே வளைந்து விழும். இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் இடம் மாறினால் ௸ குறி தபால் செலவுக்குக் கீழே போய் உட்காரும். வண்டிக் கூலியாக இருந்த 7-12-9 தபால் செலவாகிவிடும். மொத்தம் மாறாது, யாருக்கும் சந்தேகமும் வராது. ௸ தனியாகப் பொருள் இல்லாத குறி. மேலே எது நின்றதோ அதுதான் அதன் பொருள். வரியைக் கலைத்தால் அதன் பொருள் போய்விடுகிறது.

எழுத்தைப் படிப்பதற்கே கட்டம் தேவைப்படும் இடமும் உண்டு. தமிழ் எண்களில் எழுதிய தாளில் எட்டு என்பது ௮, ‘அ’ போலவே இருக்கும். ஐந்து ௫, ‘ரு’ போல இருக்கும். பத்து ௰, ‘ய’ போல இருக்கும். நகரத்தார் கடைகளின் விலாசமோ மூனா, ரூனா, ஆவன்னா என்று எழுத்துகளின் வரிசையாகவே இருக்கும். ஒரே வடிவம் பெயர்ப் பத்தியில் நின்றால் எழுத்து, தொகைப் பத்தியில் நின்றால் எண். பத்தியைத் தொலைத்துவிட்டு இதைப் படிக்க முடியாது.

பழைய ஏட்டோடு இது முடிந்துவிடவில்லை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கிச் சேலை இன்று வெளிமாநிலத்துக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. பில்லும் கூடவே போகிறது. கண்டாங்கி 3, விலை 1,400, தொகை 4,200. சுங்குடி 2, விலை 950, தொகை 1,900. ஆக 6,100. மத்திய ஜிஎஸ்டி இரண்டரை சதவீதம் 152.50, மாநில ஜிஎஸ்டி 152.50, மொத்தம் 6,405. கண்டாங்கியின் நிறமும் கரையும் எழுதிய குறிப்பு இரண்டாம் வரிக்கு மடிந்திருந்தால், அந்த இரண்டாம் வரி தனிச் சரக்காகிவிடும். பெயரும் எண்ணிக்கையும் ஒரு வரியில், விலை அடுத்த வரியில் என்று நழுவும். 3 சேலைக்கு நேரே 950 வந்து நிற்கும். மூன்று 950 வெறும் 2,850, ஆனால் தொகை 4,200 என்கிறது. எண்ணிக்கையை விலையால் பெருக்கிப் பார்க்கும் ஒருவருக்கு இந்தப் பிழை ஒரு நிமிடத்தில் தெரியும். அடித்தொகையை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

ரயில் அட்டவணையிலும் காலிக் கட்டம் ஒரு செய்தி. பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடியிலிருந்துதான் புறப்படுகிறது. அதனால் காரைக்குடிக்கு நேரே வருகைக் கட்டம் காலியாக இருக்கும். மொழிபெயர்ப்பில் அந்தக் காலி மூடிக்கொண்டு புறப்படும் நேரம் வருகைப் பத்திக்கு நகர்ந்தால், வண்டி வந்து நிற்கும் என்று நம்பி அந்த நேரத்துக்கு வருகிற பயணி அதன் கடைசிப் பெட்டியைத்தான் பார்ப்பார்.

பிறகு எப்படிச் செய்வது? முறை எளிது, வரிசைதான் முக்கியம். தாளைத் தட்டையாக வைத்து நேர் மேலிருந்து படம் எடுக்க வேண்டும். தலைப்பு வரியும் அடித்தொகையும் விடுபடக் கூடாது. மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் வரிகளுக்கு எண் போட்டு, பத்திகளுக்குத் தலைப்பு எழுதி, வெறும் கட்டத்தை வரைந்துகொள்ள வேண்டும். அதில் முதலில் எண்களை மட்டும் ஏற்ற வேண்டும். காலியாக இருப்பது காலியாகவே இருக்கட்டும், ஒரு சிறு கோடு போட்டு ‘இங்கே எதுவும் இல்லை’ என்று காட்டலாம். படிக்க முடியாததைக் காலியாக விடாமல் கேள்விக்குறி போட வேண்டும், இரண்டும் ஒன்றல்ல. அணாவையும் பையையும் காசாக மாற்ற விரும்பினால் தனிப் பத்தியில் மாற்றலாம், மூலக் கட்டத்தில் கை வைக்கக் கூடாது. இவ்வளவும் ஆன பிறகு, சொல் இருக்கும் பத்தியை மட்டும் மொழிபெயர்த்து, தமிழ்ச் சொல்லையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ௸ வரும் இடத்தில் குறியையும் அது குறிக்கும் சொல்லையும் சேர்த்து எழுத வேண்டும். கடைசியாக மேலிருந்து கீழே கூட்டியும், குறுக்கே பெருக்கியும், வரிகளை எண்ணியும் மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

‘குடும்பத்துக்கு விவரம் தெரிந்தால் போதும், இவ்வளவு எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. கடிதத்துக்கு அது பொருந்தும். கடிதத்தில் ஒரு வாக்கியம் பிசகினால் அடுத்த வாக்கியம் அதைத் திருத்தும். கணக்குக்கு அப்படித் துணை கிடையாது. 3-க்கு அடுத்து வரும் 3 அணாவா பையா என்று எந்த வாக்கியமும் வந்து சொல்லாது. செயலியைப் பயன்படுத்த வேண்டாம் என்பதல்ல நம் வாதம். எழுத்தைத் தேடித் தருவதற்கு அது உதவட்டும். கட்டத்தை மனிதர் ஒருவர் சரிபார்த்தாக வேண்டும்.

பங்காளிகளுக்குள் பாகம் பிரிக்கும்போதும் வழக்கிலும் இத்தகைய தாள்கள் முன்வைக்கப்படுகின்றன. ஆகவே, கணக்குத் தாளின் மொழிபெயர்ப்பை ஏற்கும் அலுவலகங்களும் வழக்கறிஞர்களும் மூன்றைக் கட்டாயமாகக் கேட்க வேண்டும்: மூலத்தில் உள்ள அதே பத்தியும் வரியும்; பக்கத்தில் மூலச் சொல்; அடியில், கூட்டிச் சரிபார்த்ததாக மொழிபெயர்த்தவரின் கையொப்பம். தட்டச்சுக் கடைக்கும் இது பெரிய சுமை இல்லை. ஒரு மாதிரிப் படிவம் இருந்தால் போதும். காரைக்குடியிலேயே இருக்கும் அழகப்பா பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறையும் வணிகவியல் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் அந்தப் படிவத்தை உருவாக்கிவிடலாம். அணா, பை, சதம், வெள்ளி ஒவ்வொன்றுக்கும் அதில் தனிப் பத்தி இருக்கட்டும்.

அந்தத் தாளை எழுதிய மேலாளோ அடுத்தாளோ ஒரு பையைத் தவறான கட்டத்தில் போட்டிருந்தால் ஐந்தொகை போடும் நாளில் பிடிபட்டிருப்பார். அவர் காலி விட்ட கட்டத்தைக் காலியாகவே பேரப்பிள்ளை கையில் சேர்ப்பது நம் கடமை.